கேட்டது 10, எடுத்தது 45

அந்த அம்மாவிடம் நான் சொன்ன முதல் பொய், “சார்தான் கூப்பிடச் சொன்னாருங்க” என்பது. 2016 ஜூலை மாதம். சார் என்னைக் கூப்பிடச் சொல்லவே இல்லை. ஒரு கண்காட்சியில் என் விசிட்டிங் கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்துவிட்டார். அந்தப் ‘பார்க்கலாம்’ என்பதைக் ‘கூப்பிடுங்க’ என்று மாற்றியது நான். தெரிந்தேதான் மாற்றினேன்.

சாயப்பட்டறைகளுக்கு ஆர்.ஓ. மெம்பிரேன் விற்பது என் வேலை. திருப்பூரில் இது சாதாரணமான சரக்கு அல்ல. சாயக் கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு ஆர்.ஓ. ஓடினால்தான் சாயம் ஓடும் என்றாகிவிட்டது. மெம்பிரேன் வழியாக வரும் தண்ணீர் குறைந்தால் அன்றைக்குப் போடும் துணியும் குறையும். அதனால் மொத்தமாக மெம்பிரேன் மாற்றும் முடிவை பர்ச்சேஸ் ஆபீசர் எடுக்கமாட்டார், எம்.டி.தான் எடுப்பார். எம்.டி.யைப் பார்க்க வேண்டுமென்றால் அவருடைய பி.ஏ.விடம் பேச வேண்டும்.

கண்காட்சியில் நான் பார்த்த சார் ஒரு நிறுவனத்தின் எம்.டி., அந்த அம்மா அவருடைய பி.ஏ. அந்த அம்மா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அங்கே 19 வருடம் வேலை பார்த்தவர். இது இரண்டும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். தெரிந்துகொள்ள நான் முயலவே இல்லை. முதல் ஏழு மாதம் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. போனை எடுத்ததும், “ஏம்மா, சார் இருக்காரா?” என்பேன். என் வீட்டில் என் அக்காவை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்கள் கம்பெனி ரிசப்ஷனில் உட்காரும் இருபது வயதுப் பெண்ணைக்கூட ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவேன். இவரிடம் மட்டும் ‘ஏம்மா’. ஏன் என்று இப்போது யோசித்தால் காரணம் தெளிவாகத் தெரிகிறது. அவரை நான் ஒரு ஆளாக நினைக்கவில்லை. தாண்டிப் போக வேண்டிய கதவு என்று நினைத்தேன்.

கதவு என்ற எண்ணம் எனக்குத் தானாக வரவில்லை. விற்பனை வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர், “பி.ஏ.கிட்ட விஷயத்தைச் சொல்லாதே. சொன்னா அவங்களே முடிவு பண்ணிடுவாங்க” என்றார். அதை வேதமாகப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா ஒவ்வொரு முறையும், “என்ன விஷயமாங்க?” என்று கேட்பார். “அதை சார்கிட்டயே சொல்லிக்கிறேன்” என்பேன். ஒருமுறை, “சொந்த விஷயம்” என்றேன். இன்னொரு முறை சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்த ஒருவர் பேரைச் சொல்லி, “அண்ணன் பேசச் சொன்னார்” என்றேன். அந்த அண்ணனை நான் ஒரு கல்யாணத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. தீபாவளிக்கு ஒரு இனிப்புப் பெட்டியைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் மேஜையில் வைத்தேன். “எல்லாருக்கும் கொடுத்திடறேங்க” என்று சொல்லி, என் கண் முன்னாலேயே ஆபீஸ் பையனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. நன்றிகெட்டவர் என்றுகூட மனதில் திட்டினேன்.

அவர் கேட்ட அந்த ஒரே கேள்விக்கு நான் உண்மையான பதில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இந்தக் கதையின் பிற்பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த எம்.டி.யின் ஒரு நாள் எப்படி ஓடும் என்று சொல்ல வேண்டும். அது தெரியாமல்தான் நான் அவ்வளவு ஆட்டம் ஆடினேன்.

காலை ஒன்பதரைக்கு வருவார். முதல் முக்கால் மணி நேரம் செக், கையெழுத்து, முந்தைய நாள் உற்பத்தி ரிப்போர்ட். அந்த நேரம் முழுக்க பி.ஏ. அவர் அறைக்குள் நிற்பார். நான் எப்போதும் போன் செய்தது ஒன்பதே முக்காலுக்கு. ஆள் ஃபிரெஷ்ஷாக இருக்கும்போது பிடிக்க வேண்டும் என்பது என் கணக்கு. போன் அடிக்கும்போதெல்லாம் அந்த அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து எடுத்திருக்கிறார். பகல் பன்னிரண்டரைக்கு மேல் ஐரோப்பிய பையர்கள் வந்துவிடுவார்கள். ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே கோடையில் 12.30, குளிர்காலத்தில் 1.30. அங்கே ஆபீஸ் திறந்ததும் இங்கே போன் ஆரம்பித்துவிடும். சாயங்காலம் வரை எப்போது எது வரும் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள், அன்று வெளியாள் யாருக்கும் நேரம் கிடையாது. ஆக, என்னைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது திங்கள் முதல் வெள்ளி வரை பத்தேகாலுக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் உள்ள நேரம். வாரத்துக்குப் பதினொன்றேகால் மணி நேரம். வங்கி, ஆடிட்டர், நூல் மில்காரர்கள், மெஷின் கம்பெனிகள், சங்க வேலை, கோயில் கும்பாபிஷேகக் கமிட்டி என்று எல்லாரும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அந்தப் பதினொன்றேகால் மணி நேரத்தைப் பங்கு போடுவதுதான் அந்த அம்மாவின் வேலை. நானோ, அவர் வேண்டுமென்றே என்னைத் தள்ளிவைக்கிறார் என்று நம்பினேன்.

உண்மையில் அவர் என்னைத் தள்ளிவைக்கவும் இல்லை. அவர் சொன்ன பதில்களை இப்போது வரிசையாக நினைத்துப் பார்த்தால் அது புரிகிறது. பி.ஏ.க்கள் சொல்லும் ‘இல்லை’களில் வித்தியாசம் உண்டு. “மெயில் போட்டு வைங்க” என்று மட்டும் சொல்லி மேற்கொண்டு ஒன்றும் கேட்காவிட்டால், பெரும்பாலும் அது இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். “வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மேல கூப்பிடுங்க” என்று கிழமையும் நேரமும் சொன்னால், அது உண்மையிலேயே கூப்பிடச் சொல்வது. கேள்வி கேட்டால் அது இன்னும் நல்லது. எத்தனை பேர் வருவீங்க, எவ்வளவு நேரம் ஆகும், யாரையாச்சும் முன்னாடி பார்த்தீங்களா என்று கேட்கிறவர், உங்களை எங்கே பொருத்தலாம் என்று மனதுக்குள் இடம் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா என்னிடம் ஆரம்பத்திலிருந்தே கேள்விதான் கேட்டார். மூன்று மாதம் கேட்டார். நான் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொய்யைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். “மெயில் போட்டு வைங்க” என்பது அப்போதிலிருந்து தொடங்கியதுதான்.

எல்லா இடத்திலும் இப்படி நல்லவர்தான் இருப்பார் என்று சொல்லமாட்டேன். பணம் எதிர்பார்க்கிறவர்களையும், தன் பலத்தைக் காட்டுவதற்காகவே ஆளைக் காக்கவைக்கிறவர்களையும் இந்த வேலையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சாக்கு எனக்கு இங்கே உதவாது. இவர் அப்படிப்பட்டவர் இல்லை. இனிப்புப் பெட்டியன்றே அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி 2017 ஜூன். பதினோரு மாதம் ஆகியும் எம்.டி.யை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அந்த அம்மா ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார், ஆறரைக்கு மேல் லைன் நேராக எம்.டி. அறைக்குப் போகும் என்று செக்யூரிட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். ஒரு திங்கட்கிழமை மாலை 6.40க்குப் போன் செய்தேன். எம்.டி.யே எடுத்தார். கண்காட்சியில் பார்த்ததை ஞாபகப்படுத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பதினோரு மாசமா முயற்சி பண்றேன் சார், உங்க பி.ஏ. டைமே தரமாட்டேங்கிறாங்க. வெறும் பத்து நிமிஷம்தான் கேட்டேன்” என்றேன். என்ன விஷயம் என்று பி.ஏ.விடம் மறைத்தது, பொய் பேர் சொன்னது எதையும் நான் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். “அப்படியா? நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க” என்றார்.

மறுநாள் போனேன். அந்த அம்மா என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எம்.டி. என் கண் முன்னாலேயே அவரைப் பார்த்து, “ஏங்க, இவர் ஒரு வருஷமா கேட்கிறாராமே, பத்து நிமிஷம் கொடுக்க முடியலையா?” என்றார். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா கையில் ஒரு நீல நிற ஃபைல் இருந்தது. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னார். நான் என்னென்ன பொய் சொன்னேன் என்று அவர் அங்கேயே அடுக்கியிருக்கலாம். அடுக்கவில்லை. விருந்தாளி முன்னால் பேசக்கூடாது என்று நினைத்திருப்பார். அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கட்டுரையில் எழுத எனக்கு மிகவும் சிரமமாக இருந்த வாக்கியம் இதுதான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சிரித்தேன்கூட.

கேட்டது பத்து நிமிடம். பேசியது நாற்பத்தைந்து நிமிடம். இவ்வளவு கஷ்டப்பட்டு உள்ளே வந்துவிட்டோம், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று மெம்பிரேன் வரலாறு முழுவதையும் கொட்டினேன். கடைசியில் அவர் இரண்டே கேள்வி கேட்டார். “எங்க பிளான்ட் மேனேஜர் என்ன சொல்றாரு? எங்க லாக் புக் பார்த்தீங்களா?” நான் பிளான்ட் மேனேஜரைப் பார்த்ததே இல்லை. எம்.டி.யை நேராகப் பிடித்தால் போதும், கீழே இருப்பவர்கள் தானாக வழிக்கு வருவார்கள் என்று நினைத்திருந்தேன். “பார்க்கலாம்” என்றார். கண்காட்சியில் சொன்ன அதே ‘பார்க்கலாம்’. பிறகு எட்டு மாதம் அங்கிருந்து ஒரு போன் வரவில்லை. நான் செய்த போன்களுக்கு, “மெயில் போட்டு வைங்க” என்ற பதிலே வந்தது.

இதில் இன்னொரு தப்பும் சேர்ந்திருக்கிறது. ஆர்டர் கிடைக்காவிட்டாலும் உள்ளே போக முடிந்ததே என்று, அந்த ஆறரை மணி உத்தியை எனக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

2018 பிப்ரவரியில் அந்த ஏரியாவை என்னிடமிருந்து எடுத்து, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். இருபத்தாறு வயது. “அண்ணா, இந்தக் கம்பெனியில யார்கிட்டப் பேசணும்?” என்று கேட்டாள். “பி.ஏ. கஷ்டமான ஆளும்மா. உள்ளே விடமாட்டாங்க” என்றேன். அவள் என் எதிரில் உட்கார்ந்தே போன் செய்தாள். மணி பதினொன்றரை இருக்கும். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“வணக்கம்ங்க மேடம். இன்ன கம்பெனியிலிருந்து பேசறேங்க. உங்க ஆர்.ஓ. முதல் ஸ்டேஜ் மெம்பிரேன் மாத்தறது பத்திங்க. இதை சார் நேர்ல பார்க்கணுமா, இல்ல அதுக்கு முன்னாடி வேற யாரையாச்சும் நான் பார்த்துட்டு வரணுமாங்க? நீங்க சொல்றபடி செஞ்சுக்கறேன்.”

அந்தப் பக்கத்துப் பதில் எனக்குக் கேட்கவில்லை. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிளான்ட் மேனேஜர் பேர், அவரைப் பார்க்கச் சரியான நேரம், அதற்குக் கீழே ‘லாக் புக் இல்லாம சார் பேசமாட்டார்’ என்று ஒரு வரி. பதினோரு மாதம் நான் மல்லுக்கட்டிய இடத்தில், எம்.டி. என்னிடம் கேட்ட கேள்வியை அந்த அம்மா இரண்டு நிமிடத்தில் அவளுக்குச் சொல்லியிருந்தார். “என்ன விஷயமாங்க?” என்று அவர் என்னிடம் கேட்டதும் இதற்காகத்தான். என்னைத் தடுப்பதற்காக அல்ல, சரியான வழியில் திருப்பிவிடுவதற்காக. 2016 ஜூலையிலேயே நான் விஷயத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பிளான்ட் மேனேஜரிடம் அனுப்பியிருப்பார்.

அந்தப் பெண் மார்ச் முதல் வாரத்தில் பிளான்ட் மேனேஜரோடு அரை நாள் உட்கார்ந்து லாக் புக்கைப் பார்த்தாள். பிறகு பி.ஏ.வுக்கு ஒரு மெயில் எழுதினாள். அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். இவ்வளவுதான் இருந்தது:

“பொருள்: ஆர்.ஓ. முதல் ஸ்டேஜில் உள்ள 48 மெம்பிரேன்கள்.
இதுவரை: பிளான்ட் மேனேஜரைப் பார்த்து, நான்கு மாத லாக் புக் சரிபார்த்தாயிற்று.
நிலைமை: மணிக்கு 30 கனமீட்டர் வந்த நல்ல தண்ணீர் இப்போது 25. மாதம் ஒருமுறை கழுவிய மெம்பிரேன்களை இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கிறது.
சாரிடம் வேண்டுவது: ஒரு வெசலில் உள்ள 6 மெம்பிரேன்களை மட்டும் மாற்றி 30 நாள் ஓட்டிப் பார்க்க அனுமதி.
நேரம்: 15 நிமிடம். நானும் பிளான்ட் மேனேஜரும் மட்டும். ஏப்ரல் 10க்குள் எந்த நாளானாலும் வருகிறேன். சார் நேரில் பார்க்கத் தேவையில்லை என்றால் பதில் மட்டும் போதும்.”

ரொம்பச் சுருக்கமாக இருக்கிறதே, நம் கம்பெனி பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றேன். “அண்ணா, இதை அவங்கதான் சார்கிட்டச் சொல்லப் போறாங்க. கார்ல போகும்போது படிச்சுக் காட்டற மாதிரி இருந்தாப் போதும்” என்றாள். எனக்கு அது உறைத்தது. மெயில் போட்டு வைங்க என்றபோதெல்லாம் நானும் மெயில் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு பக்க பிரவுச்சரை இணைத்து, மேலே ‘மதிப்பிற்குரிய எம்.டி. அவர்களுக்கு’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அதை வாங்குகிற அம்மா எம்.டி.யிடம் போய் என்ன சொல்வார்? யார், எதற்கு, இப்போதே முடிவு சொல்ல வேண்டுமா என்று எம்.டி. கேட்டால் அவரிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாமல் ஒரு ஆளை உள்ளே விட்டால் கேள்வி அவர்மேல்தான் வரும். ஆர்.ஓ. என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாதவர்கூடத் தைரியமாக எடுத்துச் சொல்லும்படி நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் அதைச் செய்தாள். எட்டாவது நாள் நேரம் கிடைத்தது. பதினாலு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். ஆறு மெம்பிரேனுக்கு அனுமதி கிடைத்தது.

அவள் திரும்பி வந்து சொன்ன ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த அம்மா மேஜையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது, வருகிறவர்கள் கேட்ட நேரத்தையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் அதில் எழுதிவைக்கிறார் என்றாள். “நான் வெளியே வந்ததும் பதினாலுன்னு போட்டாங்கண்ணா.” என் பேர் பக்கத்தில் என்ன இருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்தது.

ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். ஏப்ரல் கடைசியில் போன் செய்தேன். பகல் பதினொன்றரைக்குத்தான். முதல் தடவையாக, “மேடம்” என்றேன். பேரைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். “சார் பையர் கூட இருக்காருங்க” என்றார்.

“சாரைப் பார்க்க இல்லீங்க. உங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும். நேர்ல. உங்களுக்கு எப்ப சௌகரியம்னு சொல்லுங்க.”

“எங்கிட்டயாங்க?” என்றார். 19 வருடத்தில் அவரிடம் அப்படி நேரம் கேட்டவர்கள் குறைவு என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. “சனிக்கிழமை வேண்டாம். நாளைக்கு மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம், இரண்டரைக்கு வாங்க” என்றார்.

போனேன். வெறும் கையோடு போனேன். இனிப்புப் பெட்டி எடுத்துப்போகலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உட்கார்ந்ததும் சொன்னேன். சார் கூப்பிடச் சொன்னதாகச் சொன்னது பொய். சொந்த விஷயம் என்றது பொய். சங்கத்து அண்ணன் பேரைச் சொன்னது பொய். சாயங்காலம் உங்களைத் தாண்டிப் போன் செய்து, உங்களைப் பற்றிக் குறை சொன்னேன். அதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. டார்கெட், மேலதிகாரி, வீட்டுக் கஷ்டம் என்று சொல்ல நிறைய இருந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் மறுபடி அவரிடம் எதையோ கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

அவர் பேசாமல் நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினார். நீள நோட்டு, சிவப்பு ஓரம். ஸ்கேல் வைத்துப் பேனாவால் கட்டம் போட்டிருந்தார். தேதி, பேர், விஷயம், கேட்டது, எடுத்தது. 2017 ஜூன் பக்கத்தில் என் பேர். விஷயம் என்ற கட்டம் காலி. கேட்டது 10. எடுத்தது 45. அதற்கு மேல் வரியில் அதே பதினொரு மணிக்கு வேறு ஒரு பேர் இருந்து, அதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் அம்புக்குறி போட்டு ஒன்பது நாள் தள்ளி ஒரு தேதி எழுதியிருந்தது.

“அது பேங்க்காரங்களுங்க” என்றார். “லிமிட் ரினியூ பண்றதுக்கு கோயமுத்தூர்லேர்ந்து வர்றதா இருந்துச்சு. சார் ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுக்குப் போன் பண்ணி, நாளைக்குப் பதினொரு மணிக்கு ஒருத்தரை வரச் சொல்லிட்டேன், பேங்க்கை மாத்திடுங்கன்னாரு. நான் எட்டு மணிக்கு அந்த ஆபீசர் செல்லுக்குக் கூப்பிட்டேன். அவர் மறுபடி ஒன்பது நாள் கழிச்சுத்தான் வர முடிஞ்சுது.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சார் உங்க முன்னாடி கேட்டது பரவாயில்லீங்க. அது எனக்குப் பழக்கம்தான். அந்த ஆபீசர், ஏன் மாத்தறீங்கன்னு கேட்டாரு. வியாபாரி ஒருத்தர் வர்றாருன்னு பேங்க்குக்குச் சொல்ல முடியுமா? சாருக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னேன். நான் இந்தச் சீட்ல உட்கார்ந்து அப்படிச் சொல்றது வழக்கம் இல்லைங்க. இருக்காருன்னா இருக்காரு, இல்லைன்னா இல்லை. நான் சொன்னா வெளிய இருக்கிறவங்க நம்பணும்ல, அதுக்காக. அன்னிக்குச் சொல்ல வேண்டியதாப் போச்சு.”

என் பொய் அவர் வாயில் ஒரு பொய்யை வைத்திருந்தது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அவமானப்படுத்தினேன் என்பதற்காக மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் தானாகவே பேசிக்கொண்டிருந்தார். எட்டு வருடத்துக்கு முன்னால், நேரம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, பையர் போனை எம்.டி. எடுக்க முடியாமல் போன ஒரு நாளிலிருந்து இந்த நோட்டு ஆரம்பித்ததாம். பத்து நிமிடம் கேட்டுப் பத்தில் முடிப்பவருக்கு அடுத்த தடவை இடம் தேடுவது சுலபம், இரண்டு ஆளுக்கு நடுவில்கூடச் செருகிவிடலாம் என்றார். பத்து கேட்டு நாற்பத்தைந்து எடுக்கிறவரை ஒரு மணி நேரம் காலி இருக்கிற நாளில்தான் வைக்க முடியும், அப்படி ஒரு நாள் வருவதே இல்லை என்றார். “நேரம் ஆகும்னா ஆகும்னு சொல்லிடுங்க. நாற்பத்தஞ்சுன்னு கேட்டா நாற்பத்தஞ்சுக்கு இடம் பார்ப்பேன். வர முடியலைன்னா முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எங்களுக்கு அது போதும்.” எங்கள் ஆபீஸ் பெண்ணைப் பற்றியும் விசாரித்தார். நல்ல பொண்ணு, கூட்டம் முடிஞ்சதும் என்ன முடிவாச்சுன்னு எனக்கும் ஒரு வரி எழுதி அனுப்பினா, அப்படி யாரும் அனுப்பமாட்டாங்க என்றார். உள்ளே போனவர்கள் என்ன பேசினார்கள் என்பது பல சமயம் பி.ஏ.வுக்குத் தெரியாமலே போய்விடும், ஆனால் அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும், எந்தத் தாள் வர வேண்டும் என்று பார்ப்பது அவர்தான். இதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

எழுந்தேன். அவர் நோட்டில் அன்றைய பக்கத்தைத் திறந்து, என் பேரை எழுதினார். “விஷயம் என்னன்னு போடட்டுங்க?” என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே ‘சொந்த விஷயம்’ என்று எழுதினார். கேட்டது 5. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். எடுத்தது 20.

“இதுல பதினஞ்சு என்னோடதுங்க” என்றார்.